நோயுற்றிருப்பவருக்குப் பண்டிகை வாழ்த்து எழுதும்போது எந்தத் தொனி பொருந்தும்?

கேள்வி: என்னோடு 8 ஆண்டுகள் ஒரே அலுவலகத்தில் பணிபுரிந்த அக்கா ஒருவர் மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை எடுத்துவருகிறார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பண்டிகைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வாழ்த்து அனுப்பலாமா? நான் எழுதிவைத்திருப்பது இது: "அன்புள்ள அக்கா, இனிய பண்டிகை நல்வாழ்த்துகள்! இந்த நன்னாளில் உங்கள் இல்லத்தில் மகிழ்ச்சி பொங்கட்டும்! நீங்கள் ஒரு போராளி, இந்த நோயை வென்று விரைவில் பூரண குணமடைவீர்கள். தைரியமாக இருங்கள். இப்போது எப்படி இருக்கிறீர்கள்? என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்." இதில் ஏதோ உறுத்துகிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

பதில்:

அவசியம் அனுப்புங்கள், பண்டிகையைக் குறிப்பிட்டே அனுப்புங்கள். உடல்நலம் குன்றியவரிடம் கொண்டாட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று தயங்கிப் பலர் அந்த நாளில் ஒன்றும் எழுதாமல் இருந்துவிடுகிறார்கள். சிலர் பண்டிகையை மறைத்துவிட்டு நலம் மட்டும் விசாரிக்கிறார்கள். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மனைவி இதே சிகிச்சையில் இருந்தபோது, கைபேசித் திரையைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்றதால், வந்த செய்திகளையெல்லாம் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. பண்டிகை நாளில் வந்த ஒரு நீண்ட நலவிசாரிப்பை நான் வாசித்து முடித்ததும், "எனக்கு மட்டும் பண்டிகை இல்லையா?" என்று கேட்டார். அன்று சில செய்திகளை இரண்டாவது முறையும் வாசிக்கச் சொன்னார். பலவற்றுக்குப் பாதியிலேயே "அடுத்தது" என்றார். எழுதியவர்களின் அன்பில் குறை எதுவும் இல்லை. பாதியில் நிறுத்தச் சொன்னவற்றைப் பிறகு நான் உட்கார்ந்து பார்த்தபோது, அவை எல்லாமே படிப்பவரிடம் எதையாவது எதிர்பார்த்தன என்பது தெரிந்தது: ஒரு பதில், ஒரு தைரியம், ஒரு சிரிப்பு, ஒரு நல்ல செய்தி. உங்கள் வரைவில் உறுத்துவதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

முதலில் வினைச்சொற்களைப் பாருங்கள், ஏனென்றால் தமிழில் தொனியின் பெரும்பகுதி வினைமுற்றிலேயே தீர்மானமாகிவிடுகிறது. "விரைவில் குணமடையுங்கள்" என்பது ஏவல். அது எவ்வளவு மரியாதையாகச் சொல்லப்பட்டாலும், குணமடைவதை அவர் செய்யவேண்டிய ஒரு வேலையாக்கிவிடுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் "குணமடைவீர்கள்" என்பது எதிர்காலத்தைப் பற்றிய உறுதிமொழி. அந்த உறுதியைத் தரக்கூடிய நிலையில் நீங்கள் இல்லை. அவருடைய கடைசி ஸ்கேன் அறிக்கையில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அது நல்லதாக இல்லாவிட்டால், உங்களைத் திருத்துவதா, நன்றி சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பதா என்று அவர்தான் யோசிக்க வேண்டியிருக்கும். "குணமடைய வேண்டுகிறேன்" என்பதில் வேண்டுவது நீங்கள். வேலை உங்கள் பக்கம் வந்துவிடுகிறது. ஆகவே அது முந்தைய இரண்டையும்விட மென்மையானது.

எல்லாவற்றிலும் மென்மையானது "-ட்டும்" என்று முடியும் வியங்கோள். பழைய இலக்கணம் வியங்கோளை வாழ்த்தவும் வையவும் வேண்டவும் விதிக்கவும் பயன்படும் ஒரே வடிவமாகக் காட்டுகிறது. வாழ்த்தும் வசவும் ஒரே வினைவடிவில் இருப்பது வேடிக்கைதான். ஆனால் இரண்டிலுமே பேசுபவரின் விருப்பம் மட்டும்தான் வெளிப்படுகிறது, கேட்பவர் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. இன்றைய தமிழில் இந்த "-ட்டும்" வடிவத்துக்கு இன்னொரு குணமும் உண்டு: அது முன்னிலையோடு சேர்வதில்லை. "நீங்கள் குணமடையட்டும்" என்று யாரும் எழுதுவதில்லை. அந்த வடிவத்தைப் பயன்படுத்த முனைந்தாலே வாக்கியத்தின் எழுவாய் அவரை விட்டு நகர்ந்து வேறொன்றுக்குப் போய்விடுகிறது: வலி குறையட்டும், தூக்கம் வரட்டும், இந்த வாரம் இலேசாகக் கழியட்டும். நோயாளியின் தோளிலிருந்து சுமையை இறக்கி வைக்கும் வேலையை நம் மொழி தானாகவே செய்து தருகிறது. அதை விட்டுவிட்டு ஏவலுக்குப் போகவேண்டியதில்லை.

"தைரியமாக இருங்கள்" என்ற வாக்கியத்தில் ஏவலோடு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம்மிடையே அறிவுரை மூத்தவரிடமிருந்து இளையவருக்குத்தான் போகும். நோய் வந்ததும் அந்த ஒழுங்கு தலைகீழாகிவிடுகிறது. படுக்கையில் இருப்பவருக்கு எல்லோரும் மூத்தவர்களாகிவிடுகிறார்கள். எட்டு ஆண்டுகள் உங்களோடு மூத்தவராகப் பணிபுரிந்தவர் இப்போது உங்களிடமிருந்து "தைரியமாக இருங்கள்", "நன்றாகச் சாப்பிடுங்கள்", "கண்டதையும் யோசிக்காதீர்கள்" என்று கேட்கும்போது, உடல்நலத்தோடு தன் மூப்பையும் இழந்துவிட்டதாக உணரக்கூடும். வயதில் பெரியவர்களுக்கு எழுதும்போது, "வாழ்த்த எனக்கு வயதில்லை, வணங்குகிறேன்" என்று சொல்லும் பழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை இங்கே முறைப்படி எழுதவேண்டாம், கொஞ்சம் நாடகத்தனமாக இருக்கும். ஆனால் அதன் உணர்வு சரியானது. நீங்கள் இன்னும் அவருக்கு இளையவர்தான் என்பது செய்தியின் குரலில் தெரிந்தால், வேறு எந்த ஆறுதலும் தராத ஒரு நிமிர்வை அது தரும்.

"போராளி" என்ற சொல்லைப் பற்றி இரு பக்கமும் நியாயம் உண்டு. இங்கிலாந்தின் லாங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் எலெனா செமினோவும் உடன் பணிபுரிந்தவர்களும், புற்றுநோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் மருத்துவப் பணியாளர்களும் பேசியதையும் எழுதியதையும் பெரிய அளவில் தொகுத்து, அதில் வரும் உருவகங்களை ஆராய்ந்தார்கள். போர் உருவகம் சிலருக்குத் தெம்பு தந்தது. வேறு சிலருக்கோ, உடல் தேறாதபோது தாங்கள்தான் சரியாகப் போராடவில்லை என்ற குற்ற உணர்வைத் தந்தது. போருக்கு மாற்றாகச் சொல்லப்படும் "பயணம்" என்ற உருவகமும் அப்படியே, சிலருக்கு ஒத்துவந்தது, சிலருக்கு ஒத்துவரவில்லை. ஆகவே நான் வைத்திருக்கும் வழி எளிது: அந்த அக்கா தன் நோயைப் பற்றிப் பேசும்போது அவரே போர், சண்டை என்ற சொற்களைப் பயன்படுத்தியிருந்தால் நீங்களும் பயன்படுத்தலாம். இல்லையென்றால் எந்த உருவகமும் வேண்டாம். "சிகிச்சை" என்றே எழுதுங்கள். அவரே இன்னும் வெளிப்படையாகச் சொல்லாத நிலையில், நோயின் பெயரைப் பண்டிகை வாழ்த்துக்குள் கொண்டுவர வேண்டிய அவசியமும் இல்லை.

அடுத்து, மகிழ்ச்சியின் அளவு. "பொங்கட்டும்" என்பது சாதாரண நாளில் அழகான வினைதான். ஆனால் அவருடைய அந்த நாள் எப்படி இருக்கும் என்பதைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்க்கலாம். கீமோ சிகிச்சை சுற்றுகளாகத் தரப்படுகிறது. 21 நாளுக்கு ஒரு முறை என்பது பரவலாக உள்ள முறைகளில் ஒன்று. 14 நாளுக்கு ஒரு முறையும் வாரம் ஒரு முறையும்கூட உண்டு. 21 நாள் சுற்றில் பெரும்பாலும் முதல் சில நாள்களில் குமட்டலும் களைப்பும் அதிகமாக இருக்கும். சமையல் வாசனையே ஒவ்வாமல் போகலாம், நாவில் சுவை மாறிப்போயிருக்கலாம். ஏறத்தாழ 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். தொற்று எளிதில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் கூட்டத்தைத் தவிர்க்கச் சொல்லியிருப்பார்கள். மூன்றாவது வாரத்தில் பலருக்கு உடல் கொஞ்சம் தெளியும். பண்டிகை நாள் இவற்றில் எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து உங்கள் தொனி மாறவேண்டும். தெளிந்த வாரமாக இருந்தால் கலகலப்பாகவே எழுதலாம். முதல் சில நாள்களாக இருந்தால் மூன்று வாக்கியங்களுக்கு மேல் வேண்டாம். இரண்டாவது வாரமாக இருந்தால், வீடு நிறைய உறவினர்கள் இருப்பதைப் போலக் காட்டும் சொற்களைத் தவிருங்கள், ஏனென்றால் அவர் அன்று ஓர் அறையில் தனியாக இருக்கக்கூடும். சிகிச்சை எந்த நாளில் என்று அவரிடமே கேட்டுத் தொல்லை செய்யாமல் வீட்டில் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள். கேட்க வழியில்லையென்றால், அது கடினமான நாள் என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். கடினமான நாளுக்கென்று எழுதியதை நல்ல நாளில் படித்தால் நஷ்டம் ஒன்றுமில்லை.

"எப்படி இருக்கிறீர்கள்?" என்பது சாதாரணமாக ஒரு வணக்கம் மாதிரிதான். நோயுற்றவருக்கு அது உண்மையான கேள்வியாகிவிடுகிறது. "நன்றாக இருக்கிறேன்" என்றால் பொய், உண்மையைச் சொன்னால் நீண்ட கதை. அதுவும் அதே கேள்வி ஒரே நாளில் முப்பது பேரிடமிருந்து வரும்போது. வாழ்த்தில் கேள்விக்குறியே இல்லாமல் எழுதிப் பாருங்கள். கூடவே, பதில் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆனால் அதை எப்படிச் சொல்கிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். "பதில் எழுத வேண்டாம்" என்பது தடை போலக் கேட்கிறது. "பதிலை எதிர்பார்க்கவில்லை" என்பதில் ஒரு விலகல் இருக்கிறது. "பதில் எழுத முடியாவிட்டால் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்" என்பது நாம் வீட்டில் பேசும் பேச்சு. எழுதவும் எழுதாமல் இருக்கவும் அதில் இடம் இருக்கிறது. என் மனைவி இரண்டாம் முறை வாசிக்கச் சொன்ன செய்திகளில் ஒன்று இப்படி முடிந்தது; அதற்குத்தான் அவர் அன்றே பதிலும் எழுதச் சொன்னார்.

"என்ன உதவி வேண்டுமானாலும் கேளுங்கள்" என்பதையும் வாழ்த்திலிருந்து எடுத்துவிடலாம். எந்த உதவி, யாரிடம், எப்போது என்று யோசித்துக் கேட்கும் வேலையை அது அவரிடமே கொடுக்கிறது, அதனால் கிட்டத்தட்ட யாரும் கேட்பதில்லை. உண்மையில் உதவ விரும்பினால் என்ன செய்யலாம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

பொதுவான வாக்கியங்களை எல்லாம் நீக்கிய பிறகு மீதி என்ன இருக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். உங்கள் வரைவை இன்னொரு நோயாளிக்கு அப்படியே அனுப்பலாம், ஒரு சொல்கூட மாற்றவேண்டியதில்லை. அதுதான் அதன் பெரிய குறை. எட்டு ஆண்டுகளில் ஒரு சின்ன நிகழ்ச்சியாவது இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் இப்போது இழந்திருப்பதை நினைவூட்டும் ஒன்றை எடுத்துவிடாதீர்கள்: தலைமுடி, அலங்காரம், ஓடியாடி வேலை செய்தது, விருந்தில் விரும்பிச் சாப்பிட்டது போன்றவை. அவருடைய பேச்சு, குறும்பு, தீர்மானம், பிறருக்குச் செய்த நன்மை ஆகியவற்றை நோய் தொடுவதில்லை. நான் ஒன்றைக் கற்பனை செய்து எழுதிக் காட்டுகிறேன். உங்களுடையதை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, பண்டிகை வாழ்த்துகள். போன ஆண்டு பண்டிகைக்கு முந்தைய மாலை கணக்கு முடியாமல் நாம் இருவர் மட்டும் உட்கார்ந்திருந்தபோது, நீங்கள் திடீரென்று அந்தக் கணக்குக் கோப்பை இழுப்பறையில் போட்டுப் பூட்டி, 'இதுவும் லீவு எடுத்துக்கொள்ளட்டும்' என்றீர்கள். இன்று நான் இழுப்பறையைப் பூட்டும்போது அதையே சொல்லிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் விழித்தார்கள். பண்டிகை நாள் உங்களுக்கு அலுப்பில்லாமல் கழியட்டும், இரவு நல்ல தூக்கம் வரட்டும். பதில் எழுத முடியாவிட்டால் நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன்."

இதில் பண்டிகை இருக்கிறது, நோய் என்ற சொல் இல்லை. ஆனால் எழுதியவருக்கு நிலைமை தெரியும் என்பது தூக்கத்தைப் பற்றிய வரியிலேயே புரிந்துவிடுகிறது. சிரிப்பும் இருக்கிறது, அந்தச் சிரிப்பு அவருடைய சொந்த வாக்கிலிருந்து வருவதால் நோயை இலேசாக எடுத்துக்கொண்டதாகத் தோன்றாது. நோயையே கேலிப்பொருளாக்கும் நகைச்சுவை வேறு வகை. அதை அவர் தொடங்கினால் நீங்கள் தொடரலாம், நீங்கள் தொடங்கக் கூடாது. ஆச்சரியக்குறிகள் போய்விட்டதையும் கவனியுங்கள். அனுப்பும் முன் வாய்விட்டு ஒரு முறை படித்துப் பாருங்கள். மேடையில் வாழ்த்துரை வாசிப்பது போல ஒலிக்கும் வரியை அடித்துவிடுங்கள்.

"அடுத்த ஆண்டு எல்லோரும் சேர்ந்து கொண்டாடுவோம்" என்ற வரியைச் சேர்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். சிகிச்சைக்கு முடியும் தேதி ஒன்று இருக்கிறது, அதை அவரே நம்பிக்கையோடு சொல்லிவருகிறார் என்றால் சேர்க்கலாம். அது தெரியாதபோது, அடுத்த ஆண்டை விட்டுவிட்டு அடுத்த வாரத்தைப் பற்றி எழுதுங்கள். குணமாகும் நோக்கத்தோடு தரும் சிகிச்சையை நிறுத்திவிட்டு, வலியைத் தணிக்கும் மருத்துவம் மட்டும் நடக்கிறது என்றால் தொனி முழுவதும் மாறவேண்டும்: அப்போது குணம், விரைவில், மீண்டு போன்ற சொற்கள் எதுவும் வரக்கூடாது. "இன்று உங்களை நினைத்துக்கொண்டேன்" என்பதும் அவர் உங்களுக்குச் செய்த ஒன்றுக்கான நன்றியும் போதும். காய்ச்சலோ கால்முறிவோ போன்ற, சில வாரங்களில் தீர்ந்துவிடும் உபாதைக்கு நான் மேலே சொன்ன எச்சரிக்கை எதுவும் தேவையில்லை. அங்கே "சீக்கிரம் எழுந்து வாருங்கள், நீங்கள் இல்லாமல் சுவாரஸ்யமே இல்லை" என்று உரிமையோடு எழுதலாம். அதிகக் கவனத்தோடு எழுதினால்தான் அவருக்குத் தன் நோயின் மேல் சந்தேகம் வரும்.

பண்டிகை நாளின் காலையில் அனுப்பாதீர்கள். அப்போது எல்லோருக்கும் அனுப்பப்பட்ட படங்களும் நகரும் விளக்குகளும் வந்து குவியும். உங்களுடையது அவற்றுக்கு அடியில் போய்விடும். முந்தைய நாள் மாலை பொருத்தமானது. அலுவலகக் குழுவில் அவருடைய பெயரைக் குறித்து எழுதுவதும் வேண்டாம். ஒருவர் எழுதியதும் மற்றவர்கள் வரிசையாகக் கைகூப்பும் குறியைப் போடுவார்கள், அவர் அத்தனை பேருக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கும்.

உதவியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அமெரிக்க உளவியலாளர் சூசன் சில்க்கும் அவருடைய நண்பர் பேரி கோல்ட்மனும் 2013-இல் ஒரு நாளிதழ்க் கட்டுரையில் ஒரு வளையப் படத்தை முன்வைத்தார்கள். நடுவில் நோயாளி, அடுத்த வளையத்தில் மிக நெருங்கியவர்கள், அதற்கு வெளியே மற்ற உறவினர்கள், அதற்கும் வெளியே உடன் பணிபுரிபவர்கள். ஆறுதல் எப்போதும் உள்நோக்கிப் போகவேண்டும், நம் கவலையையும் பயத்தையும் வெளிநோக்கித்தான் கொட்ட வேண்டும் என்பது அவர்கள் வகுத்த ஒழுங்கு. உங்கள் இடம் வெளி வளையம். ஆகவே "கேள்விப்பட்டதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை அக்கா" என்பது போன்ற வரி அவருக்கோ அவருடைய கணவருக்கோ போகக்கூடாது. அதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். உதவியை நடு வளையத்துக்கு எழுதாமல் அதற்கு அடுத்த வளையத்துக்குத் தனிச் செய்தியாக எழுதுங்கள்: "அண்ணா, பண்டிகை வாழ்த்துகள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும் நாளில் கார் ஓட்ட நான் வருகிறேன், அன்று எனக்கு விடுமுறை. வேறு ஏற்பாடு இருந்தால் 'இருக்கிறது' என்று ஒரு சொல் போதும்." குறிப்பிட்ட வேலை, குறிப்பிட்ட நாள், மறுக்க எளிய வழி ஆகிய மூன்றும் இதில் இருக்கின்றன.

அந்த ஆண்டு எனக்கென்று தனியாக வந்த பண்டிகை வாழ்த்து ஒன்றே ஒன்றுதான். மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில் நின்றபடி அதைப் படித்தேன். இதை எழுதும்போது பக்கத்திலிருந்து திருத்தம் சொல்லிக்கொண்டிருக்கும் என் மனைவி, அன்று அதையும் தனக்கு வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டு, கேட்டு முடித்ததும் "இதற்கு நீங்களே பதில் எழுதுங்கள்" என்றார்.